ரெஸ்யூமின் முதல் மூன்று வரிகள்

அன்புள்ள ஐயா,

பி.காம். முடித்துவிட்டு வேலை தேடுகிறேன். என் ரெஸ்யூமின் உச்சியில் பெயர், அப்பா பெயர், வீட்டு முகவரி, இரண்டு மொபைல் எண்கள் இருக்கின்றன. மின்னஞ்சல் பள்ளியில் தொடங்கியது. செல்லப்பெயர், அடிக்கோடு, பிறந்த ஆண்டு எல்லாம் அதில் உண்டு. நாற்பது இடங்களுக்கு அனுப்பிவிட்டேன். இவற்றை மாற்ற வேண்டுமா?

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

மாற்றுங்கள், இன்றே. செல்லப்பெயரைவிட எனக்கு அந்த அடிக்கோடுதான் கவலை தருகிறது. வேர்டு மின்னஞ்சல் முகவரியை இணைப்பாக்கி அடியில் கோடிடும்போது உங்கள் அடிக்கோடு அதற்குள் மறைந்துவிடும். அச்சிட்ட தாளைப் பார்த்துத் தட்டச்சு செய்பவர் அங்கே இடைவெளி என்றே நினைப்பார். கடிதம் உங்களுக்கு வராது.

புதிய முகவரியில் பெயரும் இனிஷியலும் போதும். அது கிடைக்காவிட்டால் ஆண்டைச் சேர்க்காமல் அப்பா பெயரை முழுதாகச் சேருங்கள். ஜிமெயில் புள்ளியைக் கணக்கில் கொள்வதில்லை என்பதால், புள்ளி விடுபட்டாலும் அஞ்சல் உங்களுக்கே வந்து சேரும். முடிவு செய்யுமுன் முகவரியைத் தோழி ஒருவரிடம் போனில் ஒரே ஒருமுறை சொல்லி எழுதச் சொல்லுங்கள். அவர் திருப்பிக் கேட்டால் வேறு முகவரி தேடுங்கள்.

எண் ஒன்றே போதும். நீங்களே எடுக்கும் எண்ணாக இருக்கட்டும். +91, இடைவெளி, ஐந்து இலக்கம், இடைவெளி, ஐந்து இலக்கம் என்று எழுதுங்கள். +91 போட்டபின் முன்னால் பூஜ்யம் கூடாது. இந்த இடைவெளி அழகுக்காக மட்டும் அல்ல, படிப்பவர் ஓர் இலக்கத்தைத் தவறவிடாமல் இருக்கவும்தான்.

அப்பா பெயரும் கதவு எண்ணும் வேண்டாம், ஊர் போதும். பெயர் மட்டும் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே இருக்கட்டும். மாதிரி இது:

```
KAVITHA M
Dindigul, Tamil Nadu
+91 98765 43210 | kavitha.m@example.com
```

இந்த வரிகளை வேர்டின் 'ஹெடர்' பகுதியில் வைக்காதீர்கள். விண்ணப்பங்களை வாசிக்கும் மென்பொருள்களில் சில அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடும். உங்கள் படிப்பும் மதிப்பெண்ணும் பதிவாகும், எண் பதிவாகாது. பக்கத்தின் உடலிலேயே, படமாகவோ கட்டமாகவோ இல்லாமல், சாதாரண எழுத்தில் அடியுங்கள். பிடிஎஃப் ஆக்கிய பிறகு முழுவதையும் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். முதலில் பெயரும் அடுத்து எண்ணும் மின்னஞ்சலும் பிழையின்றி வர வேண்டும்.

பழைய மின்னஞ்சலை மூடிவிட வேண்டாம். ஏற்கெனவே அனுப்பிய நாற்பது விண்ணப்பங்களிலும் அந்த முகவரிதான் இருக்கிறது. அதன் அமைப்புகளில், வரும் அஞ்சல்கள் புதிய முகவரிக்குத் தானாகத் திரும்பும்படி செய்துவிட்டு, ஸ்பேம் பெட்டியையும் இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள்.