நிராகரித்த நிறுவனத்துக்கே மீண்டும் விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: ஒரு நிறுவனம் என்னை நிராகரித்து நான்கு மாதமாகிறது. அதே வேலைக்கு மறுபடி ஆள் கேட்கிறார்கள். விண்ணப்பிக்கலாமா? (மதுரை வாசகர்)

எந்தச் சுற்றில் நின்றீர்கள் என்று எழுதவில்லையே! அது தெரியாமல் எப்படிப் பதில் சொல்வது? ரெஸ்யூமேயோடு நின்றிருந்தால், அதைத் திருத்தி இன்றே அனுப்பலாம். நேர்காணல் வரை போயிருந்தால் பல நிறுவனங்களில் ஆறு மாதம் பொறுக்க வேண்டும், சிலவற்றில் ஒரு வருடம். நிராகரிப்பு மின்னஞ்சல் வந்த தேதியிலிருந்து எண்ணுங்கள். அந்த மின்னஞ்சலிலேயே காலம் குறிப்பிட்டிருக்கலாம். முதலில் அதை முழுதாகப் படியுங்கள்.

கேள்வி: ரெக்ரூட்டருக்கு என்ன எழுதுவது? (கோவை வாசகி)

சென்ற முறை எதில் குறைந்தீர்கள், அதற்குப் பிறகு என்ன மாறியது என்ற இரண்டையும்தான். மென்பொருள் சோதனைப் பிரிவில் இருக்கும் நீங்கள் ஆட்டோமேஷன் கேள்விகளில் தடுமாறி இரண்டாம் சுற்றில் நின்றதாகச் சொல்கிறீர்கள். அது நடந்து எட்டு மாதமாகிறது. நீங்கள் அனுப்பிய வரைவில் "இப்போது என் திறமையை வளர்த்துக்கொண்டுள்ளேன்" என்று இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ரெக்ரூட்டர் எதுவும் செய்ய முடியாது. அவர் உங்கள் பெயரை மேலாளரிடம் மறுபடி கொண்டுபோக வேண்டுமானால், அவர் வாயில் சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும். உங்கள் வரைவின் கடைசிப் பத்தியில் புதைந்து கிடந்ததை எடுத்து இப்படி மாற்றியிருக்கிறேன்:

"ஜூலையில் சோதனைப் பொறியாளர் பணிக்கு இரண்டாம் சுற்று வரை வந்தேன். அப்போது எனக்கு ஆட்டோமேஷன் அனுபவம் குறைவு. அதன் பிறகு என் தற்போதைய வேலையில் செலீனியத்தில் சுமார் 200 சோதனைகள் எழுதிப் பராமரித்து வருகிறேன். இரண்டு நாள் பிடித்த சரிபார்ப்பு மூன்று மணி நேரத்தில் முடிகிறது. அதே பணிக்கு இன்று மீண்டும் விண்ணப்பித்துள்ளேன். நோட்டீஸ் காலம் 60 நாள்."

இவ்வளவு போதும். வேலை எண்ணையும் சேர்த்துவிடுங்கள். பழைய மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்புங்கள், புதிதாகத் தொடங்க வேண்டாம். தினம் நூறு பேரோடு பேசுகிறவருக்கு உங்கள் பெயர் நினைவிருக்காது. கீழே பழைய உரையாடல் இருந்தால்தான் நினைவு வரும்.

கேள்வி: பழைய நிராகரிப்பு தெரியாமலிருக்க வேறு மின்னஞ்சல் முகவரியில் விண்ணப்பிக்கலாமா? நண்பர் அப்படித்தான் செய்யச் சொன்னார். (சென்னை வாசகர்)

கூடாது. இந்த யோசனையை யார் பரப்புகிறார்கள் என்று தெரியவில்லை, வாரம் ஒரு கடிதமாவது வருகிறது. நிறுவனங்களின் ஆட்சேர்ப்பு மென்பொருள் மின்னஞ்சலை மட்டுமா பார்க்கிறது? கைபேசி எண், பெயர், முந்தைய நிறுவனம் ஆகியவை ஒத்துப்போனாலே "இவர் முன்பே வந்தவராக இருக்கலாம்" என்று ரெக்ரூட்டருக்குக் காட்டிவிடும். திறந்து பார்த்தால் உங்கள் பழைய ரெஸ்யூமே அங்கேயே இருக்கும்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஓர் இளைஞர் எல்லாச் சுற்றுகளிலும் தேறினார். கடைசிப் படிவத்தில் "இதற்கு முன் இங்கு விண்ணப்பித்ததுண்டா?" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினார். கைபேசி எண் பழைய பதிவைக் காட்டிக்கொடுத்தது. இரண்டு ரெஸ்யூமேக்களையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். முந்தைய வேலையை விட்ட மாதம் ஒன்றில் மார்ச், மற்றதில் ஜூன். மூன்று மாத இடைவெளியை மறைத்திருக்கிறார். பி.எஃப். பதிவில் வெளியேறிய தேதி மார்ச் என்றே இருந்தது. ஆஃபர் நின்றுபோனது. பழைய நிராகரிப்பையோ மூன்று மாத இடைவெளியையோ நாங்கள் யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டோம். அந்த "இல்லை"யையும் ஜூனையும்தான் தாங்க முடியவில்லை. நல்ல பையன். இன்றும் எனக்கு மனம் கேட்கவில்லை.

எனவே அதே மின்னஞ்சல், அதே எண். பழைய ரெஸ்யூமேயை எடுத்துவைத்து, தேதிகளும் பதவிப் பெயர்களும் புதியதோடு பொருந்துகின்றனவா என்று வரிவரியாகப் பாருங்கள். பழையதில் தவறு இருந்தால் திருத்திவிட்டு, திருத்தியதை ரெக்ரூட்டரிடம் நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: சென்ற முறை கன்சல்டன்சி வழியாகப் போனேன். இப்போது நேரடியாக எழுதலாமா? (திருச்சி வாசகர்)

அனுப்பிய கன்சல்டன்சிக்கு உங்கள் பெயரில் சில மாத உரிமை உண்டு. பெரும்பாலும் ஆறு மாதம், சில இடங்களில் ஒரு வருடம். அதற்குள் நேரடியாக விண்ணப்பித்தால், கமிஷன் யாருக்கு என்ற தகராறுக்குப் பயந்தே ஒதுக்கிவிடுவார்கள். காலம் முடிந்தபின் எழுதுங்கள், முன்பு யார் வழியாக வந்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். உள்ளே இருக்கும் நண்பர் பரிந்துரைப்பதானால் அது முதலில் நடக்கட்டும். நீங்களே விண்ணப்பித்துவிட்டால் பிறகு வரும் பரிந்துரையைப் பல நிறுவனங்கள் கணக்கில் எடுப்பதில்லை.

கேள்வி: எழுதி மூன்று நாளாகிறது, பதில் இல்லை. போனில் அழைக்கலாமா? (சேலம் வாசகி)

வேண்டாம். பத்து நாள் கழித்து, அதே மின்னஞ்சல் தொடரில், இரண்டே வரி. அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த ரெக்ரூட்டர் வேலை மாறியிருக்கக்கூடும். நிறுவனத்தின் ஆட்சேர்ப்புப் பிரிவுப் பொது முகவரிக்கு அந்தத் தொடரை அப்படியே அனுப்புங்கள்.