தரவரிசையில் காணாமல் போகும் ஃபண்டுகள்

கேள்வி: வண்ணார்பேட்டையில் முகவர் ஒருவர் ஐந்தாண்டுத் தரவரிசையைக் காட்டி, சென்ற ஆண்டு முதலிடம் பெற்ற மியூச்சுவல் ஃபண்டில் அப்பாவின் ஓய்வுப் பணத்தைப் போடச் சொல்கிறார். போடலாமா?

போட வேண்டாம். அந்தப் பட்டியலில் இருப்பவை இன்று பிழைத்திருக்கும் திட்டங்கள் மட்டுமே. ஐந்தாண்டுக்கு முன் பத்துத் திட்டங்கள் இருந்தன என்று கொள்வோம். ஏழு திட்டங்கள் ஆண்டுக்குச் சராசரியாக 12 சதவீதம் ஈட்டின. மற்ற மூன்றும் 4 சதவீதமே ஈட்டியதால் வேறு திட்டங்களோடு இணைக்கப்பட்டன. பட்டியல் காட்டும் சராசரி 12. பத்துக்கும் சேர்த்த உண்மைச் சராசரி 9.6. பங்குச் சந்தைக் குறியீட்டெண் 10.5 சதவீதம் தந்திருந்தால், அதனிடம் தோற்ற கூட்டம் வென்றதாகத் தெரியும். செபியின் 2017 வகைப்படுத்தல் விதிக்குப் பிறகு நம் நாட்டில் இத்தகைய இணைப்புகள் பல நடந்தன.

முதலிடமும் பெரும்பாலும் அந்த ஆண்டில் ஏறிய ஒரே வகைப் பங்குகளைக் குவித்து வைத்ததால் கிடைப்பதாகும். பிஎஸ்இ ஸ்மால்கேப் குறியீடு 2017இல் சுமார் 60 சதவீதம் உயர்ந்து, மறு ஆண்டே 20 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. முந்தைய ஆண்டின் வரிசையைப் பார்த்து நுழைந்தவர்களுக்குச் சரிவுதான் கிடைத்தது. இதில் மேலாளரின் திறமையைக் குறை சொல்வதற்கில்லை. ஓராண்டு விளைச்சலில் திறமையையும் காற்றடித்த திசையையும் பிரித்தறிய முடியாது.

முகவரிடம், ஐந்தாண்டுக்கு முன் அந்த வகையில் இருந்த எல்லாத் திட்டங்களின் பெயரையும் கேளுங்கள். ஃபண்டுகளைக் குறியீட்டெண்ணோடு ஒப்பிட்டு, மூடப்பட்டவற்றையும் கணக்கில் சேர்க்கும் ஸ்பிவா இந்தியா அறிக்கையில், எத்தனை சதவீதம் பிழைத்தன என்பதையும் பார்க்கலாம்.