ஜூனோ சாந்திக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்

கேள்வி: "மகளுக்கு வரன் பார்க்கிறோம். மீன லக்னம், லக்னத்தில் சனி. கல்யாணத் தரகர் போனில் ஜாதகத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, 'ஏழாம் இடத்தில் ஜூனோ இருக்கு, சனி நேரா பார்க்குது, சாந்தி செய்யாம கல்யாணம் நிலைக்காது' என்கிறார். ஜூனோ, செரஸ் எல்லாம் பார்க்கத்தான் வேண்டுமா?" (ஒரு தாய், தக்கலை)

பார்க்க வேண்டாம் அம்மா. ஜூனோ தோஷம் என்று நம் பழைய நூல் எதிலும் கிடையாது, இருக்கவும் வழியில்லை. ஜூனோவை மனிதன் கண்டுபிடித்ததே 1804-இல், தொலைநோக்கி வழியாக. அதற்கு முன் 1801-இல் செரஸ், 1802-இல் பல்லாஸ், பின்னால் 1807-இல் வெஸ்டா. நான்கும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சிறுகோள்கள். மேல்நாட்டு ஜோதிடர்களே இவற்றைப் பரவலாகக் கையில் எடுத்தது, 1973-இல் எலினார் பாக் என்ற பெண்மணி இவற்றுக்குப் பஞ்சாங்கம் மாதிரி அட்டவணை வெளியிட்ட பிறகுதான். ரோமானியக் கதையில் ஜூனோ கல்யாணத்துக்குரிய தேவதை என்பதால் தாம்பத்தியத்தை அதன் தலையில் கட்டினார்கள். நம் முறையில் அதற்கு ஆட்சி வீடு இல்லை, உச்சம் நீசம் இல்லை, 120 வருஷ விம்சோத்தரி தசையில் ஒரு நாள்கூடப் பங்கில்லை. எப்போது பலன் தரும் என்று சொல்லவே முடியாத ஒன்றுக்கு எதை வைத்துப் பரிகாரம்?

இனி உங்கள் மகளின் ஜாதகம். நீங்கள் அனுப்பிய குறிப்பில் சனி மீனத்தில் 18 பாகை. தரகர் காட்டிய ஜூனோ கன்னியில் 17 பாகை. நேர் எதிர் போலத்தான் தெரியும். ஆனால் சனியை எடுத்தது வீட்டில் எழுதி வைத்திருக்கும் நிராயண ஜாதகத்திலிருந்து. ஜூனோவை எடுத்தது மேல்நாட்டுச் சாயனக் கணக்கிலிருந்து. இரண்டுக்கும் நடுவே அயனாம்சம் என்கிற சுமார் 24 பாகை வித்தியாசம் உண்டு. அதைக் கழித்தால் ஜூனோ சிம்மத்தில் 23-க்குப் போய்விடுகிறது. ஏழாம் இடத்திலும் இல்லை, சனிக்கு எதிரிலும் இல்லை. (ஆறாம் வீடா, அது அதைவிட மோசம் என்று அடுத்த சீட்டை எடுப்பார், பாருங்கள்.) போனில் சாயனத்தைக் குறிக்கும் `Tropical` என்று இருக்கிறதா, நிராயணத்தைக் குறிக்கும் `Sidereal` என்று இருக்கிறதா என்று பார்த்தாலே இந்தக் குழப்பம் வெளிப்பட்டுவிடும். அதைப் பார்க்கத் தெரியாதவர்கள்தான் வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் வரை கலர் பிரிண்ட் எடுத்து, பைண்டிங் போட்டுக் காசு வாங்குகிறார்கள். கேட்பார் இல்லை.

அவர் கணக்கு சரியாகவே இருந்திருந்தாலும் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது. லக்னத்துச் சனி ஏழாம் பார்வையாக ஏழாம் வீட்டைப் பார்க்கிறது. கல்யாணம் தாமதப்படலாம் என்று நம் ஊர்ப் பழைய ஜோதிடர் ஜூனோ பெயரைக் கேள்விப்படாமலே சொல்லியிருப்பார். அதோடு ஜூனோ ஒரு நாளைக்குக் கால் பாகை, மிஞ்சினால் அரைப் பாகைதான் நகரும். உங்கள் மகள் பிறந்த வாரத்தில் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அதே இடம்தான். அத்தனை பேர் கல்யாணமும் நிலைக்காதா?

'கண்ணுக்குத் தெரியாத மாந்தியை மட்டும் கட்டத்தில் போடுகிறீர்களே' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மாந்திக்குக் கணக்கும் பலனும் நூல்களில் இருக்கின்றன. மலையாள முறை ஒட்டிய நம் மாவட்டத்தில் தலைமுறைகளாகப் பார்த்துப் பழகிய விஷயம் அது.

ஒரே ஒரு விதிவிலக்கு சொல்லலாம். சிறுகோள் லக்னப் புள்ளியிலோ, சூரிய சந்திரர் மேலோ ஒரு பாகைக்குள் விழுந்தால், மற்ற கிரகங்கள் ஏற்கனவே சொன்னதற்கு ஒரு மெல்லிய சாயல் சேர்க்கும் என்பது மேல்நாட்டில் நிதானமாகப் பார்க்கிறவர்களின் வழக்கம். லக்னப் புள்ளியில் விழுகிறது என்று சொல்ல வேண்டுமானால் பிறந்த நேரம் துல்லியமாக வேண்டும். ஏனென்றால் லக்னம் சுமார் 4 நிமிஷத்தில் ஒரு பாகை நகர்ந்துவிடும். ஆஸ்பத்திரியில் 'பத்தே கால்' என்று எழுதினால் அது 10.10-ஆ 10.20-ஆ என்று யாருக்குத் தெரியும்? பிறப்புச் சான்றிதழிலோ தேதி இருக்கும், நேரம் இருக்காது. ஒரு கட்டம் கூடுதலாக அச்சடிக்க அரசாங்கத்துக்கு என்ன கஷ்டமோ! பிரசவ அறைக் குறிப்பில் நிமிஷம் வரை எழுதியிருந்தால்தான் இந்த விதிவிலக்கைப் பேசவே முடியும். உங்கள் மகளுக்கு அப்படி எதுவும் இல்லை. ஜூனோ அவள் லக்னத்துக்குப் பக்கத்திலும் இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது ஏழாம் அதிபதி புதனின் பலம், லக்னாதிபதி குரு, களத்திரகாரகன் சுக்கிரன். வரும் பையனின் ஜாதகத்தோடு தசா சந்தி, அதாவது இருவருக்கும் ஒரே சமயத்தில் தசை மாறுவது, இருக்கிறதா என்று மட்டும் கவனமாகக் கேளுங்கள். பத்துப் பொருத்தம் பார்க்கிறவர்கள் பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.