ஓடும் பையன் திடீரென்று விழுந்தால்: முதல் மூன்று நிமிடங்கள்

"பள்ளி மைதானத்தில் மாலையில் 30 சிறுவர்களுக்குக் கால்பந்து பயிற்சி தருகிறேன். உடன் இருப்பவர் ஓர் உதவியாளர் மட்டுமே. ஓடிக்கொண்டிருக்கும் பையன் திடீரென்று விழுந்துவிட்டால் மயக்கமா, வலிப்பா, இதயம் நின்றுவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் முதலில் என்ன செய்ய வேண்டும்?"

யாரும் மோதாமல் ஒரு பையன் சரிந்து விழுந்து, தோளைத் தட்டிப் பெயர் சொல்லி அழைத்தும் அசையவில்லை என்றால், இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பந்து நெஞ்சில் பலமாகப் பட்டு விழுந்தவனுக்கும் இதுவே பொருந்தும். சாதாரண மயக்கம் என்றால் படுத்த நிலையிலேயே பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் கண் திறந்துவிடுவான்.

பயிற்சியாளர்களை ஏமாற்றுபவை இரண்டு. இதயம் நின்றவுடன் மூளைக்கு ரத்தம் போகாததால் கை கால்கள் சில நொடிகள் வெட்டி இழுக்கலாம். உடனே "வலிப்பு" என்று கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள், வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். சாவி எந்த வலிப்பையும் நிறுத்தாது. நினைவில்லாதவனுக்கு ஊற்றும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகும். இரண்டாவது ஏமாற்று, மூச்சு. கரையில் போட்ட மீனைப்போல, நீண்ட இடைவெளி விட்டு வாயைத் திறந்து திறந்து இழுக்கலாம். "மூச்சு இருக்கிறது" என்று காத்திருந்தால் நேரம் போய்விடும். அது மூச்சே அல்ல. மார்பு சீராக ஏறி இறங்குகிறதா என்று 10 நொடிகளுக்கு மேல் பார்க்காதீர்கள். நாடித்துடிப்பைத் தேட வேண்டாம். பதற்றத்தில் உங்கள் விரலின் துடிப்பே அவனுடையதாகத் தெரியும்.

சீரான மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து மார்பை அழுத்தத் தொடங்குங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியை நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் வைத்து, மற்றொரு கையை அதன் மேல் கோத்து, முழங்கையை மடக்காமல் உடல் எடையை இறக்குங்கள். பதின்பருவப் பையனுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், சிறுவனுக்கு மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு கையே போதலாம். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலெழும்பட்டும்; அப்போதுதான் இதயத்தில் ரத்தம் நிரம்பும். பயிற்சி பெற்றவர் என்றால் 30 அழுத்தத்துக்குப் பின் 2 மூச்சு கொடுங்கள். இல்லையென்றால் அழுத்துவதை மட்டும் தொடருங்கள். இரண்டு நிமிடத்தில் கை தளரும், ஆழம் குறையும், உங்களுக்கே தெரியாது. அதற்குள் ஆளை மாற்றுங்கள். உயிரோடிருப்பவனை அழுத்திவிட்டோமோ என்ற பயம் வேண்டாம். அவன் முனகுவான், கையைத் தள்ளுவான், அப்போது நிறுத்தினால் போதும்.

அழுத்துவது மூளைக்கு ரத்தத்தை அனுப்பிக் காலத்தை நீட்டும். இதயம் நின்றது என்று நாம் சொல்லும்போதும் அது பெரும்பாலும் ரத்தத்தை அனுப்பாமல் தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருக்கும்; அதைச் சீராக்குவது மின்னதிர்வுதான். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்தபோது, அங்கேயே மார்பை அழுத்தி, டீஃபிப்ரிலேட்டர் என்ற மின்னதிர்வுக் கருவியால் அதிர்வு கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அவர் மீண்டும் ஆடினார். தானியங்கி டீஃபிப்ரிலேட்டரை இயக்கினால் அதுவே பேசி வழிகாட்டும். ஜெர்சியைக் கிழித்து, வியர்வையைத் துடைத்து, ஒரு பட்டையை வலது காறை எலும்புக்குக் கீழும் மற்றொன்றை இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கமும் ஒட்டுங்கள். கருவி சோதிக்கும்போதும் அதிர்வு தரும்போதும் யாரும் தொடக்கூடாது. முடிந்த கணமே மறுபடி அழுத்துங்கள்.

இருவர் மட்டுமே இருப்பதால், யார் எதைச் செய்வது என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். நீங்கள் அழுத்துகிறீர்கள். உதவியாளர் 108-ஐ அழைத்து, அலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்து உங்கள் அருகில் நிற்கிறார். பெரிய பையன்களில் ஒருவன் கருவியை எடுக்க ஓடுகிறான். இருவர் வாசலுக்குப் போய் ஆம்புலன்ஸை அழைத்து வருகிறார்கள். நான் பார்த்த ஓர் ஒத்திகையில் எல்லாம் சரியாக நடந்தது, பெரிய கேட்டின் சாவி மட்டும் காவலாளியின் வீட்டில் இருந்தது. வண்டி நுழையும் கேட் எது, சாவி எங்கே, பக்கத்து அடையாளம் என்ன என்று ஓர் அட்டையில் எழுதிப் பயிற்சிப் பையிலேயே வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடிகாரம் வைத்து ஒத்திகை பாருங்கள்: விழுந்ததிலிருந்து முதல் அழுத்தம் வரை அரை நிமிடம், கருவி வர மூன்று நிமிடம். அதைத் தாண்டினால் கருவி இருக்கும் இடத்தை மாற்ற வேண்டும். கருவியே இல்லையென்றால், அருகில் அது எங்கே இருக்கிறது என்று விசாரித்து அட்டையில் எழுதுங்கள்.

பையனைத் தூக்கி ஆட்டோவில் போடாதீர்கள். ஓடும் ஆட்டோவில் மார்பை அழுத்த முடியாது.

வெயிலில் விழுந்தவன் மூச்சு விடுகிறான், ஆனால் உளறுகிறான், உடல் கொதிக்கிறது என்றால் வழி வேறு. 108-ஐ அழைத்துவிட்டு, நிழலில் குளிர்ந்த நீர்த்தொட்டியில் தலை மேலே இருக்குமாறு பிடித்து உட்கார வையுங்கள்; தொட்டி இல்லையென்றால் ஐஸ் தண்ணீரை விடாமல் ஊற்றுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் பயணம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்து, தானாக எழுந்து "ஒன்றுமில்லை சார், ஆடுகிறேன்" என்று சொல்பவனையும் அன்று களத்தில் இறக்காதீர்கள். இதய மருத்துவர் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் பார்த்து எழுதித் தரும்வரை அவன் வெளியே உட்காரட்டும்.