கூறியது கூறலும் குன்றக் கூறலும்

அன்புள்ள ஐயா,

அப்பாவின் சைக்கிள் கடையைப் பற்றி எழுதிய கட்டுரையை இணைத்திருக்கிறேன். படித்தவர்கள் எல்லோரும் வளவளவென்று இருக்கிறது என்கிறார்கள். வெட்டிப் பார்த்தால் செய்தித்தாள் நடை வந்துவிடுகிறது. எதை எடுப்பது, எதை விடுவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சொற்களில் கைவைக்கும் முன், ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது சொல்லும் செய்தியை நாலைந்து சொற்களில் குறித்துக்கொள்ளுங்கள். நான் குறித்துப் பார்த்தபோது இரண்டாம், ஐந்தாம், எட்டாம் பத்திகளின் ஓரத்தில் ‘இல்லாதவரிடம் காசு கேட்கமாட்டார்’ என்றே எழுத நேர்ந்தது. நன்னூல் குற்றமாகச் சொல்லும் ‘கூறியது கூறல்’ இதுதான். மூன்று இடத்திலும் சொற்கள் வேறாக இருப்பதால் எழுதியவர் கண்ணில் அது எளிதில் படுவதில்லை.

மூன்றில் ஐந்தாவதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ‘இரக்க குணம் கொண்டவர்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஐந்தாவதிலோ ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைப் பள்ளிச் சிறுவனையே காட்டச் சொல்லி, ஒட்டி முடித்ததும் ‘காசு நாளைக்குக் குடுடா’ என்கிறார். எட்டாவதை நீக்கும் முன், கடன் நோட்டை அவர் ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை என்ற வரியை மட்டும் எடுத்து ஐந்தாவதன் முடிவில் சேருங்கள்.

அதன் பிறகே வரிகளுக்கு வர வேண்டும். நீங்கள் எழுதியது: ‘அப்பாவின் கடை என்பது எங்கள் தெருவுக்கே ஓர் அடையாளமாக விளங்கியது என்று சொன்னால் அது மிகையாகாது, பாருங்கள்.’ நான் திருத்தினால்: ‘அப்பாவின் கடைதான் எங்கள் தெருவுக்கே அடையாளம், பாருங்கள்.’ ‘மிகையாகாது’ என்பது மேடையிலும் வாழ்த்து மடலிலும் எல்லோரும் சொல்வது. அதை எடுப்பதால் உங்கள் குரலில் எதுவும் குறையாது. ‘பாருங்கள்’ புதுச் செய்தி எதையும் தரவில்லை என்றாலும், வாசகரைப் பார்த்து நீங்கள் திரும்புவது அந்தச் சொல்லில்தான். ஆகவே அது இருக்கட்டும். ‘எங்கப்பா சொல்லுவார்’ என்று நான்கு இடங்களில் தொடங்குகிறீர்கள். ஒவ்வொரு முறையும் அவர் வேறொன்றைச் சொல்வதால் நான்கும் அப்படியே இருக்கலாம். வெட்டும்போது உங்கள் நடை செய்தித்தாள் நடையாவது இவற்றையும் சேர்த்து எடுத்துவிடுவதால்தான் என்று நினைக்கிறேன்.

பத்தி போன இடத்தில் ஒட்டுச் சொற்கள் தொங்கும். ஒன்பதாம் பத்தி ‘அதனால்தான்’ என்று எட்டாவதைச் சுட்டித் தொடங்குகிறது. அதை மாற்றியாக வேண்டும். பிறகு முழுவதையும் வாய்விட்டுப் படியுங்கள். நீங்கள் பேசும்போது மூச்சு விடும் இடத்தில் வரி முட்டினால், அங்கே அளவுக்கு மேல் எடுத்திருக்கிறீர்கள் என்று கொண்டு ஒரு சொல்லைத் திருப்பி வையுங்கள். நன்னூல் அந்தக் குற்றங்களின் வரிசையில் முதலில் வைப்பது ‘குன்றக் கூறல்’.

அன்புடன்