பாழடைந்த மண்டபத்தில் ஒரு நாள் துப்புரவு: கல்லைத் தேய்க்காமல் செய்ய வேண்டியவை

கேள்வி: எங்கள் பகுதியில் கவனிப்பாரற்ற பழைய கல் மண்டபம் ஒன்று இருக்கிறது. சுற்றிலும் குப்பையும் முட்செடியும். சுவரில் மரம் முளைத்திருக்கிறது. தூண்களில் கறுப்பு படிந்து, மேலே பெயின்ட் கிறுக்கல் வேறு. 30 பேர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்ய நினைக்கிறோம். ஒருவர் ஆசிட்டும் பிரஷர் வாஷரும் கொண்டுவருகிறேன் என்கிறார். மண்டபத்துக்குக் கெடுதல் வராமல், யாருக்கும் அடிபடாமல் எப்படி நடத்துவது?

பதில்: ஆசிட் கொண்டுவருகிறவரிடம் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சொன்னால் கேட்க மாட்டார்.

உங்கள் மண்டபம் என்ன கல், என்ன சாந்து என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சுண்ணாம்புக் கல்லோ பளிங்கோ என்றால் ஆசிட் பட்ட இடம் கரைந்து போகும். கருங்கல்லாகவே இருந்தாலும் கற்களுக்கு இடையில் சுண்ணாம்புச் சாந்து இருந்தால் அது கரையும். கல்லுக்குள் உள்ள இரும்புச்சத்து துருவாக வெளியே வந்து மஞ்சள் கறை படியும். பிரஷர் வாஷர் இணைப்புகளில் உள்ள சாந்தை அரித்து, தண்ணீரைச் சுவருக்கு உள்ளே அனுப்பிவிடும். பிளீச்சிங் பவுடர் கல்லுக்குள் உப்பை விட்டுவிட்டுப் போகும். ஈரம் காயும்போது அந்த உப்பு படிகமாகிக் கல்லின் மேல்தோலை உள்ளிருந்து தள்ளும். ஆறு மாதம் கழித்துத் தூண் பொரிந்து உதிரும்போது, அந்த ஞாயிற்றுக்கிழமைதான் காரணம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். கம்பி பிரஷ் கீறுவதோடு நிற்காது. உதிர்ந்த இரும்புத் துகள் கல்லில் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும்.

ஆகவே ஒரே விதி: கல்லில் ஒட்டியிருப்பது எதையும் அன்று எடுக்கக் கூடாது. கறுப்பு, பாசி, கிறுக்கல், பழைய வெள்ளை எல்லாம் அப்படியே இருக்கட்டும். கிறுக்கலைப் பார்த்தால் கை பரபரக்கும். ஆனால் தின்னர் ஊற்றித் துடைத்தால் பெயின்ட் இளகிக் கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். பிறகு தேர்ந்த ஆள் வந்தாலும் எடுக்க முடியாது. படம் எடுத்து, எந்தத் தூண், எந்தப் பக்கம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதுபோல, எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று கல்வெட்டில் சுண்ணக்கட்டியோ மாவோ பூச விடாதீர்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தாலே எழுத்து நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும்.

அடுத்து அனுமதி. மண்டபம் யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அரசுத் துறையா, அறக்கட்டளையா, தனியாரா என்று விசாரிப்பதற்கே வாரக்கணக்கில் ஆகலாம். இருபது வருடமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத அலுவலகம், நீங்கள் துடைப்பத்தோடு போய் நின்றால் மட்டும் விதியை எடுத்து நீட்டும். உங்கள் விண்ணப்பம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போக ஒரு பருவமே கடந்துவிடும். எனக்கும் இதில் பொறுமை போய்விட்டது. இருந்தாலும் எழுத்தில் அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். "போய்ச் செய்யுங்க, யார் கேட்கப்போறா" என்று வாயால் சொன்னவர், பின்னால் ஒரு கல் விழுந்துவிட்டால் உங்களைத் தெரியாது என்பார். விண்ணப்பத்தில் எந்த நாள், எத்தனை பேர் என்பதோடு, என்ன செய்வோம், என்ன செய்ய மாட்டோம் என்பதையும் எழுதுங்கள். "கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவ மாட்டோம், மண் தோண்ட மாட்டோம்" என்ற வரியைப் படித்ததும் பல அதிகாரிகளுக்குப் பயம் பாதி குறையும். ஒரு கட்டணம் கொடுத்தால் அனுமதியை உடனே வாங்கித் தருகிறேன் என்று ஓர் ஆள் கண்டிப்பாக வருவார். அவர் கொண்டுவரும் தாளில் யார் கையெழுத்து, எந்தப் பதவி என்று பார்க்காமல் அதை நம்பக் கூடாது.

வேலைக்கு வருவோம். 30 பேரை அப்படியே உள்ளே விடாதீர்கள். முன்னதாக ஒரு நாள் நீங்கள் இரண்டு பேர் மட்டும் போய்ச் சுற்றிப் பாருங்கள். சாய்ந்த சுவர், விரிசல் விட்ட உத்தரம், பிடிப்பில்லாத கல் எங்கே இருந்தாலும், அதன் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குக் கயிறு கட்டுங்கள். நாலு மீட்டர் சுவர் என்றால் ஆறு மீட்டர். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தங்கக் காசே கிடந்தாலும் போகக் கூடாது. கூரை மேலும் சுவர் மேலும் யாரும் ஏறக் கூடாது. படம் எடுப்பதற்குக்கூட.

ஆறு ஆறு பேராக ஐந்து குழு. ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் வேலை செய்யாமல் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். இரண்டு குழு வெளியே குப்பை பொறுக்கட்டும். ஒன்று நடைபாதையில் உள்ள முட்செடிகளைத் தரைமட்டத்துக்கு வெட்டட்டும். வேரைப் பிடுங்க வேண்டாம். மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் கடப்பாறையும் மண்வெட்டியும் இருக்கவே கூடாது. ஒரு குழு படமும் குறிப்பும் எடுக்கட்டும். கடைசிக் குழுவுக்குக் கால்வாய்.

ஒரு நாளில் மண்டபத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இந்தக் கால்வாய் வேலைதான். பழைய கட்டடங்களில் மழைநீர் வெளியேறத் தரையில் கல் வாய்க்கால் இருக்கும். அது இலையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுவரடியில் தேங்கி, ஈரம் கல் வழியாக மேலே ஏறும். அதனோடு உப்பும் ஏறும். சுவரின் கீழ்ப் பகுதி மட்டும் பொரிந்து உதிர்ந்திருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். வெளியேறும் வாயிலிருந்து தொடங்கி உள்நோக்கிக் கையாலும் மரக்கட்டையாலும் எடுங்கள். இலையும் குப்பையும் போய்க் கல் தளம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். தளம் தெரியாமல் கெட்டி மண் வந்தாலும், பானை ஓடு ஒன்று தென்பட்டாலும் அங்கேயே நிறுத்த வேண்டும். சுவரை ஒட்டிப் புது வாய்க்கால் வெட்டினால் அஸ்திவாரம் திறந்துகொள்ளும். ஆகவே அது கூடவே கூடாது. ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். வெளியே ஓடினால் அன்றைய வேலை பலித்தது.

சுவரில் முளைத்த மரத்தைப் பற்றி நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லாரும் முதலில் கைவைப்பது அதில்தான். ஆல், அரசு வகைகள் கல் இணைப்புக்குள் வேர்விட்டுச் சாந்தின் இடத்தைப் பிடித்துவிடும். இழுத்தால் வேரோடு கல்லும் வரும். சில சுவர்கள் அந்த வேரின் பிடியில்தான் நிற்கின்றன. சரி, இழுக்காமல் வெட்டிவிடுவோம் என்றால் அதுவும் தவறு. வெறுமனே வெட்டிய கட்டையிலிருந்து நாலைந்து கிளை புதிதாகக் கிளம்பும், உள்ளே வேர் இன்னும் தடிக்கும். முறையான வேலை என்றால், வெட்டிய உடனே கட்டையின் வாயில் மருந்து வைத்து, வேர் சாகும்வரை காத்திருந்து, அது மக்கிய வெற்றிடத்தைச் சுண்ணாம்புக் கலவையால் நிரப்ப வேண்டும். மாதக்கணக்கான வேலை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கத் தெரிந்த பொறியாளர் பார்க்க வேண்டியது. நீங்கள் அளந்து படம் எடுத்துக் கொடுங்கள், போதும்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. கல்லின் மேல் படிந்த தூசிமண்ணில் மட்டும் நிற்கும் பச்சைத் தண்டுச் செடி. அதை அடியில் பிடித்து இரண்டு விரலால் மெல்ல இழுங்கள். மண்ணோடு தானாக வந்தால் எடுத்துவிடலாம். லேசாகத் தடுத்தாலும், சாந்துப் பொடி உதிர்ந்தாலும் விட்டுவிடுங்கள். தண்டு பழுப்பாகி மரமாகத் தொடங்கியிருந்தால் தொடவே வேண்டாம். இணைப்புக்குள் வேர் போன செடி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இந்த விலக்கில் சேராது. பச்சைத் தண்டாக இருந்தாலும் சேராது. எடுக்கலாமா என்று குழுவுக்குள் விவாதம் வந்தாலே அது எடுக்கக் கூடாத செடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய செடியைக் கல்லருகே கொளுத்திவிடாதீர்கள். கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸில் திடீரென விரியும், கல் சில்லு சில்லாகத் தெறிக்கும். அதற்குக் குறைந்த சூட்டிலேயே சில கற்கள் நிரந்தரமாகச் சிவந்துவிடும்.

ஆட்களின் பாதுகாப்பில் நான் மிகவும் பயப்படுவது இருட்டறைகளைப் பார்த்து. வௌவால் எச்சம் காய்ந்து கிடக்கும் அறையைப் பெருக்கினால், அதில் வளரும் பூஞ்சை தூசியோடு நுரையீரலுக்குப் போய் ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்ற நோயைத் தரலாம். துணி முகக்கவசம் இதற்குப் போதாது. அந்த அறைகளைப் பூட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். குவியலுக்குள் கையை விடாமல் முதலில் நீளக் கழியால் கிளறுங்கள். எல்லாருக்கும் தடித்த கையுறை, மூடிய காலணி வேண்டும். உடைந்த கண்ணாடியும் ஊசியும் கெட்டியான டப்பாவில்தான் போக வேண்டும். பையைக் காலால் மிதித்து அமுக்கக் கூடாது. பாம்புக்கடி மருந்து எந்த மருத்துவமனையில் இருப்பு இருக்கிறது என்று முதல் நாளே தொலைபேசியில் கேட்டு எழுதிவையுங்கள். கடித்தால் கயிறு கட்டாமல், கீறாமல், அந்தக் கை காலை அசைக்காமல் கொண்டுபோவதுதான் முறை. வெயில் ஏறும் முன் தொடங்கி மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். களைத்த ஆள்தான் தடுக்கி விழுகிறான்.

கடைசியாக, இலவச லாரி. "குப்பையோடு அந்த உடைந்த கல்லையெல்லாம் நானே அள்ளிக்கொண்டு போகிறேன், ஒரு பைசா வேண்டாம்" என்று யாராவது வந்தால் உஷாராகுங்கள். உங்களுக்கு உடைசலாகத் தெரிவது அவருக்குப் பேரம். செதுக்கிய ஒரு துண்டு, பாதி எழுத்துள்ள ஒரு பலகை, துப்புரவு என்ற பெயரில் பட்டப்பகலில் உங்கள் தொண்டர்கள் கையாலேயே ஏற்றப்பட்டு வெளியேறிவிடும். ஆகவே விழுந்த கல் எதையும் நகர்த்தாதீர்கள், அழகாக அடுக்கிக்கூட வைக்காதீர்கள். அது கிடக்கும் இடத்தைக் கொண்டுதான் எங்கிருந்து விழுந்தது என்று பின்னால் வருபவர் கண்டுபிடிப்பார். வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு கல்லையும் கிடக்கும் இடத்திலேயே படம் எடுங்கள். ஒவ்வொரு பையையும் வாய் கட்டுவதற்கு முன் ஒருவர் திறந்து பார்க்கட்டும். வண்டியின் எண்ணையும் ஏற்றிய சுமையையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளாட்சியின் குப்பை வண்டி கிடைக்கவில்லை என்றால், கிடைக்கும்வரை பைகள் மண்டபத்துக்கு வெளியே கிடக்கட்டும்.

மறுநாளே படங்களையும் மரங்கள், விரிசல்கள், கிறுக்கல்கள் பற்றிய குறிப்பையும் அனுமதி தந்த அலுவலகத்துக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த நல்ல மழைக்குப் பிறகு இருவர் மட்டும் போய் அந்தக் கால்வாயில் தண்ணீர் நிற்கிறதா, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். நின்றால் எங்கே நிற்கிறது என்று ஒரு படமும் வேண்டும்.