பயம் கோபமாக வெளியே வருகிறது, மகளிடம் எப்படிச் சரி செய்வது?

"ஆபீஸ்ல ஆள் குறைப்புப் பேச்சு. வீட்டுக்கு வந்தா எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழறேன். நேத்து ஏழு வயசு மகள் பென்சில் டப்பா கேட்டதுக்குக் கத்திட்டேன். அழுதுக்கிட்டே தூங்கிட்டா."

இன்னைக்கே பேசிடுங்க. பெரியவங்க ஏன் கத்தினாங்கன்னு தெரியலன்னா, தப்பு தன் மேலதான்னு குழந்தைங்க முடிவு பண்ணிக்கும். பக்கத்துல தரையில உக்காந்து, "நேத்து நீ டப்பா கேட்டப்போ அப்பா கத்திட்டேன். நீ எந்தத் தப்பும் பண்ணல. எனக்கு ஆபீஸ் கவலை, அதை உன்மேல காட்டினது தப்பு"ன்னு சொல்லுங்க. அதோட நிறுத்திடுங்க. "ஆனா நீயும் நச்சரிச்சே"ன்னு ஒரு வார்த்தை சேர்ந்தா மன்னிப்பு போச்சு. நான் அப்படித்தான் ரெண்டு தடவை கெடுத்தேன். உடனே கட்டிப்பிடிக்கணும்னும் எதிர்பார்க்காதீங்க. ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்து மழுப்பறதும் வேண்டாம்.

பயத்துல உடம்பு ஏற்கெனவே முறுக்கேறி நிக்குது, அதான் சின்னக் கேள்விகூட இடிக்குது. எனக்கு முதல்ல தாடை இறுகும். அது தெரிஞ்சதும், "பத்து நிமிஷம் மொட்டை மாடிக்குப் போறேன், வந்து பேசறேன்"னு சொல்லிட்டுப் போவேன். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வரணும், இல்லன்னா அவங்களுக்கு அது கோவிச்சுக்கிட்டுப் போன மாதிரிதான். மனைவிகிட்டயும் ஆள் குறைப்பு விஷயத்தைச் சொல்லிடுங்க.

தூக்கமும் கெட்டு, வாரக்கணக்கா தினமும் இப்படியே போனா மனநல மருத்துவரைப் பாருங்க. 14416, டெலி மனஸ்ங்கற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழ்லயே பேசலாம். கை ஓங்கற அளவுக்குப் போனா வாரக்கணக்கெல்லாம் பார்க்காதீங்க, அன்னைக்கே கூப்பிடுங்க.